புதுமனை புகுவிழா அழைப்பு வீடியோ: தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

மூத்தமகள் | 5 ஜனவரி 2025, இரவு 10.40

பொன்னமராவதியில் அப்பா கட்டிய வீட்டுக்குப் பிப்ரவரி 3 அன்று புகுவிழா. பத்திரிகை அச்சாகிவிட்டது. வாட்ஸப்பில் அனுப்ப ஒரு வீடியோவும் வேண்டும் என்று அம்மா சொன்னார். வேலை என் தலையில் விழுந்தது. அலைபேசிச் செயலி ஒன்றில் ஆயத்த மாதிரியைத் தேர்ந்து பெயர், தேதி, இடம் எல்லாம் நிரப்பினேன். பெட்டியில் தட்டும்போது எழுத்து ஒழுங்காகத்தான் தெரிகிறது. வீடியோவாக வெளியே வந்ததும் "பொன்னமராவதி"யில் ப தனியாக நிற்கிறது, கொம்பும் காலும் அதற்கு வலப்பக்கம் வரிசைகட்டி நிற்கின்றன. "புதுமனை"யில் ஐகாரக் கொம்பு ன-வுக்குப் பின்னால் போய்விட்டது. ஏழெட்டு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் இதே கதை.

எழுத்துருவில் கோளாறா, செயலியிலா, என்னிடமா?

மூத்தமகள் | 5 ஜனவரி, இரவு 10.52

சொல்ல மறந்தேன். அந்த மாதிரியில் வருகிற வீட்டுக்குப் புகைபோக்கி இருக்கிறது, கூரை பனி வழிகிற சரிவில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்ட வெயிலில் இது எதற்கு என்று அப்பா கேட்கிறார்.

வீடியோ மாமா | 6 ஜனவரி, காலை 7.15

எழுத்துரு கோளாறுதான் அம்மா. நல்ல யூனிகோட் எழுத்துருவாகப் போட்டால் சரியாகிவிடும். நான் பத்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், எனக்கு இப்படி வந்ததே இல்லை.

பழைய அச்சுக்கூடம் | 6 ஜனவரி, காலை 9.30

மாமா சொல்வதில் பாதிதான் சரி. எழுத்துருவுக்குள் வடிவங்களும் அவற்றை எப்படிச் சேர்ப்பது என்ற விதிகளும் இருக்கும். அந்த விதிகளைப் படித்து எழுத்தைக் கோக்க வேண்டியது செயலி. பெட்டியில் தட்டும்போது அந்த வேலையை அலைபேசியே செய்துவிடுகிறது. அதனால்தான் அங்கே ஒழுங்காகத் தெரிகிறது. வீடியோவாக வரையும்போது செயலி தன் சொந்தக் கையால் எழுதுகிறது. அந்தக் கைக்குத் தமிழ் தெரியாது. கணினியில் "பொ" என்பது ப, அதன் பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. குறியைப் பிய்த்து முன்னும் பின்னும் வைக்கத் தெரியாத செயலி, வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. எந்த எழுத்துருவை மாற்றினாலும் இதுதான் வரும்.

வீடியோ மாமாவுக்கு இது வராததற்குக் காரணம் அவருடைய மென்பொருளில் யாரோ ஒருவர் அமைப்பை முன்பே மாற்றி வைத்திருப்பார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் Preferences பகுதியில் Type என்ற பக்கம் இருக்கிறது. அங்கே South Asian என்று தொடங்கும் தேர்வு தமிழுக்கானது.

வீடியோ மாமா | 6 ஜனவரி, காலை 9.48

பார்த்தேன். ஆமாம், மாற்றி வைத்திருக்கிறது. என் தம்பி மகன் வேலையாக இருக்கும்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா | 6 ஜனவரி, பகல் 1.05

நாங்கள் போன வருடம் புகுவிழா வீடியோவுக்கு இரண்டு கேமரா வைத்தோம். ஹோமப் புகையில் ஒன்றுமே தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

மூத்தமகள் | 6 ஜனவரி, பகல் 1.20

சித்தப்பா, இது அழைப்பு வீடியோ. விழா இன்னும் நடக்கவில்லை. ஜன்னல் யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

மூத்தமகள் | 7 ஜனவரி, இரவு 11.30

அச்சகத்தில் பத்திரிகையின் கோப்பை வாங்கி அதிலிருந்து வெட்டி ஒட்டலாம் என்று பார்த்தேன். ஒட்டினால் இப்படி வருகிறது:

```
GJkid GFtpoh
```

இது யாருடைய கிருகப்பிரவேசம்?

பழைய அச்சுக்கூடம் | 8 ஜனவரி, காலை 8.10

உங்களுடையதுதான். அது பாமினி. முப்பது வருடமாக என் சோறு. G என்ற இடத்தில் பு வடிவமும் J என்ற இடத்தில் து வடிவமும் வரைந்து வைத்த பழைய எழுத்துரு. அந்த 11 விசைகளையும் பாமினி எழுத்துருவில் காட்டினால் "புதுமனை புகுவிழா" என்று வரும்.

இதில் ஒரு வேடிக்கை. பாமினியில் கோக்கிற வேலையே கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுகிறோம்: ஐகாரக் கொம்பு முதலில், பிறகு ன. செயலிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கவலையில்லை, அது ஆங்கிலம் எழுதுவதாக நினைத்துக்கொண்டு சரியான தமிழை எழுதிவிடும். உங்கள் செயலி வெளி எழுத்துருவை ஏற்றுக்கொள்ளுமானால் பாமினியை ஏற்றி, அச்சகம் தந்ததை அப்படியே ஒட்டுங்கள்.

மூத்தமகள் | 8 ஜனவரி, இரவு 9.00

ஏற்றுக்கொண்டது! வந்துவிட்டது! ஐயா, நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

மூத்தமகள் | 8 ஜனவரி, இரவு 9.25

அவசரப்பட்டுவிட்டேன். தமிழ் சரி. "3.2.2025" என்ற வரி ஒழுங்காக வந்தது. "கே.கே. நகர்" வழியாக வருகிறவர்களுக்காக ஒரு வரி ஆங்கிலத்தில் போட்டிருந்தேன், அது பாமினியில் புரியாத தமிழாக மாறிவிட்டது. அந்த வரிக்கு மட்டும் வேறு எழுத்துரு கொடுக்க இந்தச் செயலி விடவில்லை. ஒரு பெட்டிக்கு ஒரே எழுத்துருதான்.

மென்பொருள் மருமகன் | 9 ஜனவரி, காலை 6.50

பாமினி வேண்டாம் அக்கா. எழுத்தைப் படமாக்கிவிடுங்கள். இங்க்ஸ்கேப் தமிழை ஒழுங்காகக் கோக்கும், காசும் இல்லை. 1080 அகலம், 1920 உயரம் என்று பக்கம் வைத்து ஒவ்வொரு வரியையும் யூனிகோடில் தட்டுங்கள். பின்னணி இல்லாமல் வரிக்கு ஒரு PNG கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வீடியோ மென்பொருளில் அந்தப் படங்களை அடுக்கி மிதக்க விடலாம், மங்கலில் இருந்து தெளிய விடலாம். படமாகிவிட்ட எழுத்து எங்கேயும் உடையாது. நான் கேடென்லைவில் செய்தேன்.

பழைய அச்சுக்கூடம் | 9 ஜனவரி, காலை 8.30

மருமகன் வழி நல்ல வழி. ஆனால் கடைசி நேரத்தில் மாமனார் "நேரத்தைக் கொஞ்சம் மாற்று" என்பார். மறுபடி படம், மறுபடி ஏற்றுமதி. பாமினியில் ஒரு விசையோடு முடிந்துவிடும்.

மென்பொருள் மருமகன் | 9 ஜனவரி, காலை 8.34

என் மாமனார் நான்கு முறை மாற்றினார். ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் படம்தான்.

மூத்தமகள் | 11 ஜனவரி, இரவு 12.10

படமாக்கும் வழியில் இறங்கிவிட்டேன். எழுத்து உடையவில்லை. ஆசை விடவில்லை, தலைப்பு மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சுபோல் வரட்டும் என்று நினைத்துக் கேடென்லைவின் தலைப்புப் பெட்டியிலேயே எழுதித் தட்டச்சு அசைவைக் கொடுத்தேன். இதைப் பாருங்கள்: "புதும" வரை ஒருவாறு போகிறது. அடுத்து "ன" வந்து உட்காருகிறது. கண் அதைப் படித்து முடிப்பதற்குள் இடப்பக்கம் கொம்பு முளைத்து, ன வலப்பக்கமாகத் துள்ளி நகர்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்வதுபோல். "பு"விலும் முதலில் வெறும் ப, பிறகுதான் உகரம். எண்ணிப் பார்த்தேன்: எட்டு எழுத்து, கணினிக்குப் பதினைந்து துண்டு. ம ஒன்றுதான் ஒரே துண்டு.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எழுத்து எதற்கு நடுங்குகிறது?" என்றார்.

பழைய அச்சுக்கூடம் | 11 ஜனவரி, காலை 8.00

பாமினியில் தட்டச்சு அசைவு கொடுத்திருந்தால் கொம்பு முதலில் வந்து பிறகு ன வந்திருக்கும். கையால் எழுதுகிற வரிசை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மென்பொருள் மருமகன் | 11 ஜனவரி, காலை 8.15

சொல்லாக வரட்டும் அக்கா. "புதுமனை" ஒரு படம், "புகுவிழா" இன்னொரு படம். தமிழ்ச் சொல் நீளம். எழுத்தெழுத்தாக வந்தால் படிக்கிறவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பவர்பாயிண்ட் டீச்சர் | 12 ஜனவரி, மாலை 5.40

இவ்வளவு பாடு எதற்கு? பவர்பாயிண்டில் தமிழ் உடையாது. பக்கத்தை நெட்டாக 9க்கு 16 என்று வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அசைவு கொடுத்து, வீடியோவாக ஏற்றுமதி செய்தால் முடிந்தது. எங்கள் பள்ளி ஆண்டுவிழா அழைப்பை அப்படித்தான் செய்தேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 1080 என்ற தேர்வில் எனக்கு உயரம்தான் 1080 வந்தது, அகலம் 608 புள்ளிக்குச் சுருங்கிவிட்டது. சின்ன எழுத்து மசமசவென்று ஆகிவிட்டது. அடுத்த பெரிய அளவைத் தேர்ந்தபோது சரியாகியது.

மூத்தமகள் | 12 ஜனவரி, இரவு 10.15

டீச்சர், இதை ஐந்தாம் தேதியே சொல்லியிருக்கக் கூடாதா.

மூத்தமகள் | 15 ஜனவரி, இரவு 11.00

பொங்கல் முடிந்தது. முதல் வடிவத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் பெரிய விஷயம் ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறேன். மாதிரியில் ஒரு திரைக்கு மூன்று விநாடி என்று இருந்தது, நானும் அதையே வைத்திருந்தேன். இடம் சொல்கிற திரை வந்தது, அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார், திரை போய்விட்டது. நிறுத்திப் படிக்கலாமே என்று நிறுத்திக் காட்டினேன். நிறுத்தியதும் நட்டநடுவில் முக்கோணப் பொத்தான் வந்து தெருப்பெயர்மேல் உட்கார்ந்துகொண்டது.

அதனால் இன்று இப்படிச் செய்தேன். அம்மாவை ஒவ்வொரு திரையையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தில் பார்த்தேன். இடத்துக்கு 11 விநாடி ஆயிற்று. அதற்கு 15 கொடுத்தேன். பிள்ளையாருக்கு 5, தலைப்புக்கு 4, பெயர்களுக்கு 8, தேதிக்கும் நேரத்துக்கும் 10. மொத்தம் 42 விநாடி. இடமும் தேதியும் மட்டுமே பாதிக்கும் மேல். அந்த இரண்டு திரையிலும் எழுத்து வந்து நின்ற பிறகு எதுவும் அசையாது. பூ உதிர்வதெல்லாம் பிள்ளையாரோடு முடிந்தது.

வீடியோ மாமா | 16 ஜனவரி, காலை 7.30

42 விநாடி நீளம். இந்தக் காலத்தில் யார் பார்ப்பார்கள்? 20 போதும்.

மூத்தமகள் | 16 ஜனவரி, காலை 7.50

வர வேண்டியவர்கள் பார்ப்பார்கள் மாமா. அவர்களுக்குச் சராசரி வயது அறுபத்தைந்து.

மென்பொருள் மருமகன் | 16 ஜனவரி, பகல் 12.30

இடத்துக்குக் கியூஆர் கட்டம் வைத்தீர்களா?

மூத்தமகள் | 16 ஜனவரி, பகல் 12.41

வைத்தேன், எடுத்துவிட்டேன். பத்திரிகையில் அது சரி. வீடியோ கைபேசியிலேயே ஓடுகிறது. அதே கைபேசியால் அதை எப்படிப் பிடிப்பது? அப்பா உண்மையாகவே கைபேசியைக் கண்ணாடிமுன் கொண்டுபோய்ப் பார்த்தார். வரைபட இணைப்பைச் செய்தியாகத் தனியே அனுப்பிவிடப் போகிறேன். திரையில் "பஸ் நிலையத்திலிருந்து வந்தால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து" என்று இருக்கிறது.

பஞ்சாங்கப் பிரியன் | 17 ஜனவரி, காலை 5.55

தேதித் திரையை இங்கே எழுதிக் காட்டுங்கள். வீடியோவில் பிழை வந்தால் அடித்துத் திருத்த முடியாது.

மூத்தமகள் | 17 ஜனவரி, காலை 9.10

"விசுவாவசு வருடம் தை மாதம் 21ஆம் தேதி (3.2.2025) திங்கட்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள். காலை 7.30 முதல் சிற்றுண்டி."

பஞ்சாங்கப் பிரியன் | 17 ஜனவரி, காலை 9.22

நல்லவேளை. 2025 பிறந்துவிட்டதால் வருடமும் மாறிவிடாது. தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். இந்தத் தை குரோதி வருடத்துத் தை. விசுவாவசு ஏப்ரலில் பிறக்கிறது. தை முதல் தேதி ஜனவரி 14 என்பதால் பிப்ரவரி 3க்கு 21 சரி, கிழமையும் சரி.

இன்னொன்று: அதிகாலை 4.30 என்றால் பலர் குழம்புவார்கள். பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்திலிருந்துதான் நாள். பழைய ஆட்கள் திங்கள் அதிகாலை என்றால் திங்கள் இரவு கழிந்த விடியலா என்று கேட்பார்கள். "ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். சிற்றுண்டி 7.30க்கு வைத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம்.

பழைய அச்சுக்கூடம் | 17 ஜனவரி, காலை 9.40

இட்லிக்கு ராகு காலம் கிடையாது ஐயா.

பஞ்சாங்கப் பிரியன் | 17 ஜனவரி, காலை 9.44

எங்கள் வீட்டில் உண்டு.

மூத்தமகள் | 17 ஜனவரி, இரவு 10.05

குரோதி என்று மாற்றினேன், விடிந்தால் திங்கள் சேர்த்தேன். சிற்றுண்டியை 7.00 என்று போட்டுவிட்டேன், சமையல்காரர் ஒத்துக்கொண்டார். ஐயா சொன்னது நடந்தது: ஒரு நேரத்துக்காக இரண்டு படம் மறுபடி ஏற்றுமதி. பாமினியாக இருந்தால் ஒரு விசை.

மூத்தமகள் | 19 ஜனவரி, பகல் 3.30

இசை. சினிமாப் பாட்டு ஒன்று வைக்கத் தம்பி விரும்புகிறான். வைக்கலாமா?

வீடியோ மாமா | 19 ஜனவரி, மாலை 4.00

தாராளமாக. கல்யாணம், சுபகாரியத்துக்குப் பாட்டுப் போட உரிமை வாங்க வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது.

வக்கீல் குமாஸ்தா | 19 ஜனவரி, இரவு 8.20

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(za). அதில் இருப்பது மதச் சடங்கின்போது பாட்டை ஒலிக்க விடுவது, பாடுவது பற்றி. கல்யாண ஊர்வலமும் அதில் அடங்கும். மண்டபத்தில் பாடலை ஒலிக்க விடுவது வேறு, பதிவை எடுத்து உங்கள் படத்தோடு ஒட்டி ஊருக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு அந்தப் பிரிவு கை கொடுக்கும் என்று நான் நம்பமாட்டேன். வாட்ஸப்பில் உறவுக்குள் அனுப்பினால் யாரும் கேட்கப் போவதில்லை என்பது நடைமுறை. யூடியூப்பில் ஏற்றினால் அதன் இயந்திரம் பாட்டை அடையாளம் கண்டு உரிமை கோரல் வரலாம்.

கீர்த்தனை என்றாலும் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தவர், அவர் இயற்றியது எல்லோருக்கும் பொது. அதை ஒருவர் வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கு 60 வருடம் உரிமை உண்டு.

மூத்தமகள் | 22 ஜனவரி, இரவு 9.45

அப்படியானால் நாமே பதிவு செய்துவிடுவோம் என்று அப்பா கிளம்பிவிட்டார். எங்கள் ஊர்க் கோயில் நாயனக்காரரும் தவில்காரரும் வீட்டுக்கே வந்தார்கள். முதல் பதிவில் கைபேசியைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். கேட்டால் நாகஸ்வரம் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. அவ்வளவு சத்தத்தைக் கைபேசியின் ஒலிவாங்கி தாங்காது. பதினைந்தடி தள்ளி, திண்ணைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்ததும் தெளிந்தது. புது வீடு வேறு, சாமான் இல்லாத அறை முழக்கமாக முழங்குகிறது, அதனால்தான் திண்ணை.

கைபேசியில் கேட்கும்போது தவிலின் தொப்பிச் சத்தம் காணாமல் போகிறது, வலந்தலை மட்டும் டக்டக் என்று கேட்கிறது. அது கைபேசி ஒலிபெருக்கியின் குறை, நம்மால் ஆவது இல்லை. கெட்டிமேளத்தைத் தலைப்பு வரும் இடத்தில் வைத்தேன். 39ஆம் விநாடியிலிருந்து இசை தேய்ந்து அடங்குகிறது. பதிவில் 31ஆம் விநாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. எங்கள் தெருதான், இருக்கட்டும்.

மென்பொருள் மருமகன் | 23 ஜனவரி, காலை 7.05

கடைசி ஏற்றுமதிக்கு இதைப் பயன்படுத்துங்கள். `yuv420p` இல்லாவிட்டால் சில கைபேசிகளில் ஓடாது.

```
ffmpeg -i veedu.mov -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p -c:a aac -b:a 128k -af "afade=t=out:st=39:d=3" -movflags +faststart azhaippu.mp4
```

பழைய அச்சுக்கூடம் | 23 ஜனவரி, காலை 9.00

நிறம் என்ன? சிவப்பில் பச்சை எழுத்து வைத்துவிடாதீர்கள். வீடியோவில் வெளிச்சம் இருட்டு முழு நுணுக்கத்தோடு இருக்கும், நிறத்தின் நுணுக்கத்தைக் குறைத்துத்தான் சேமிப்பார்கள். வெளிச்ச வித்தியாசம் இல்லாத இரண்டு நிறம் பக்கத்தில் வந்தால் சுழியெல்லாம் கரைந்துவிடும். ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும்.

மூத்தமகள் | 23 ஜனவரி, காலை 9.30

அரக்குப் பின்னணி, சந்தன நிற எழுத்து. தப்பித்தேன்.

மூத்தமகள் | 25 ஜனவரி, இரவு 8.00

அனுப்பிவிட்டேன். முதல் தொலைபேசி பெரிய மாமாவிடமிருந்து. பத்திரிகையில் "தங்கள் நல்வரவை நாடும்" என்ற வரிசையில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். வீடியோவில் அப்பா அம்மா பெயர் மட்டும் வைத்தேன். 8 விநாடியில் அவ்வளவுதான் படிக்க முடியும். "உன் கணக்கில் எனக்கு ஒரு விநாடி கூடக் கிடையாதா?" என்று கேட்டார்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா | 25 ஜனவரி, இரவு 9.10

பெயர்ப் பட்டியலை மேலே ஓட விடலாமே, சினிமா முடிவில் வருவதுபோல்.

பழைய அச்சுக்கூடம் | 25 ஜனவரி, இரவு 9.15

சினிமா முடிவில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் சித்தப்பா. மாமாவுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வையுங்கள். வீடியோவுக்கு அந்தக் கடமை வேண்டாம்.

மூத்தமகள் | 5 பிப்ரவரி, பகல் 11.20

விழா நன்றாக நடந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தோம், சித்தப்பா.

ஒரு தவறு என்னுடையது. வரைபட இணைப்பைத் தனிச் செய்தியாக அனுப்பினேன் அல்லவா? உறவினர்கள் வீடியோவை மட்டும் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், இணைப்பு கூடப் போகவில்லை. வீடியோவுக்கு அடியிலேயே அதை எழுதி அனுப்பியிருக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு வண்டி அப்பாவின் பழைய வீட்டுக்குப் போய் அதிகாலை நான்கரைக்குக் கதவைத் தட்டியிருக்கிறது. அங்கே இப்போது குடியிருப்பவர்கள்தான் வழி சொல்லி அனுப்பினார்கள். வீடியோவில் இருந்த தண்ணீர்த் தொட்டியை வைத்துத்தான் சொன்னார்களாம். அவர்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கிறது.

பஞ்சாங்கப் பிரியன் | 5 பிப்ரவரி, பகல் 11.45

சிற்றுண்டி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

மூத்தமகள் | 5 பிப்ரவரி, பகல் 11.47

7.35.

கல்யாண வேலை | 21 ஏப்ரல் 2025, இரவு 10.30

பழைய இழையைத் தூசிதட்டுவதற்கு மன்னிக்கவும். ஆவணியில் தங்கை கல்யாணம். "ஸ்ரீ" மட்டும் ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்று நான்காகப் பிரிந்து வருகிறது. படமாக்குவதா, பாமினியா?

பழைய அச்சுக்கூடம் | 22 ஏப்ரல், காலை 8.05

பாமினி.

மென்பொருள் மருமகன் | 22 ஏப்ரல், காலை 8.06

படம்.